வெள்ளி இடிஎஃப் விலை ஏன் எகிறியது? நடுவில் நிற்கும் மார்க்கெட் மேக்கரின் கணக்கு

2025 அக்டோபரில், தீபாவளிக்கு முந்தைய நாள்களில், வெள்ளி இடிஎஃப் வாங்கப் போன பலர் திகைத்துப் போனார்கள். இடிஎஃப் என்பது பங்கைப் போலவே பங்குச் சந்தையில் யூனிட் யூனிட்டாக வாங்கி விற்கக்கூடிய ஃபண்ட். ஃபண்ட் நிறுவனம் அறிவித்த மதிப்பு ஒன்றாக இருந்தது. பங்குச் சந்தையில் அதே யூனிட் அதைவிடப் பல சதவீதம் கூடுதல் விலைக்குக் கைமாறியது. அதே நேரத்தில் கோட்டக், எஸ்பிஐ, யூடிஐ உள்ளிட்ட சில ஃபண்ட் நிறுவனங்கள் வெள்ளி இடிஎஃப் யூனிட்டுகளை வாங்கிவைக்கும் தங்கள் வெள்ளி ஃபண்ட் ஆஃப் ஃபண்டுகளில், ஒரே தவணையில் மொத்தத் தொகையாகப் புதுப் பணம் வாங்குவதை நிறுத்திவைத்தன. "உள்ளே இருப்பது வெள்ளி. வெள்ளிக்கு ஒரு விலைதானே இருக்க முடியும்? இரண்டு விலை எப்படி வந்தது?" என்ற கேள்வி நியாயமானது.

இதற்குப் பதில் தெரிய வேண்டுமானால், சாதாரண நாள்களில் அந்த இரண்டு விலையையும் ஒட்டவைத்திருப்பவர் யார், அதற்கு அவருக்கு என்ன கிடைக்கிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும். அவர்தான் மார்க்கெட் மேக்கர்.

## தரகர் வேறு, மார்க்கெட் மேக்கர் வேறு

மாட்டுச் சந்தையில் தரகர் விற்பவரையும் வாங்குபவரையும் சேர்த்துவைத்துக் கமிஷன் வாங்கிக்கொள்வார். மாடு அவருடையதாக ஆவதே இல்லை. மாடு விலை சரிந்தாலும் ஏறினாலும் அவருக்கு நஷ்டமில்லை. ஆனால், வாங்க ஆள் வராத நாளில் விற்க வந்தவர் மாட்டை ஓட்டிக்கொண்டு வீடு திரும்ப வேண்டியதுதான்.

அதே சந்தையில், "யார் கொண்டுவந்தாலும் இந்த விலைக்கு நான் வாங்கிக்கொள்கிறேன், யார் கேட்டாலும் இந்த விலைக்கு நான் தருகிறேன்" என்று சொந்தப் பணத்தோடும் சொந்தத் தொழுவத்தோடும் ஒரு வியாபாரி நாள் முழுக்க நிற்பதாக வைத்துக்கொள்ளுங்கள். இப்போது யாரும் காத்திருக்க வேண்டாம். காலை பத்து மணிக்கு விற்பவர் வருகிறார், மதியம் இரண்டு மணிக்குத்தான் வாங்குபவர் வருகிறார். நடுவில் இருக்கும் அந்த நான்கு மணி நேரம் மாட்டை வைத்திருந்து, விலை மாறக்கூடிய அபாயத்தைத் தாங்குபவர் அந்த வியாபாரி.

மார்க்கெட் மேக்கர் செய்வது இதைத்தான். அவர் ஒரே நேரத்தில் வாங்கும் விலை ஒன்றும் விற்கும் விலை ஒன்றும், வாங்க விற்கக் காத்திருக்கும் ஆர்டர்களின் பட்டியலான ஆர்டர் புத்தகத்தில் போட்டுவைக்கிறார். இரண்டுக்கும் உள்ள இடைவெளியின் பெயர் ஸ்பிரெட். நினைத்த நேரத்தில், நினைத்த அளவுக்கு, விலையைப் பெரிதாக அசைக்காமல் வாங்கவோ விற்கவோ முடிகிற நிலைக்குப் பெயர் லிக்விடிட்டி. ஆக, அவர் விற்பது காத்திருக்க வேண்டாத வசதி. ஸ்பிரெட் அதற்கான கூலி.

இந்தியச் சந்தையில் ரிலையன்ஸ், இன்ஃபோசிஸ் போன்ற பெரிய பங்குகளுக்கு இப்படி நியமிக்கப்பட்ட ஆள் தேவையில்லை. அங்கே இயல்பாகவே இரு பக்கமும் கூட்டம் நிற்கும். ஆனால், சிறு நிறுவனங்களுக்கான எஸ்எம்இ பிரிவில் பட்டியலாகும் பங்குக்கு முதல் மூன்று ஆண்டுகள் மார்க்கெட் மேக்கர் கட்டாயம். இடிஎஃப்களுக்கு, ஒவ்வொன்றுக்கும் குறைந்தது இரண்டு மார்க்கெட் மேக்கர்களை ஃபண்ட் நிறுவனம் நியமிக்க வேண்டும் என்று 2022 மே மாதச் சுற்றறிக்கையில் சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபி சொன்னது. இந்தக் கட்டுரை இடிஎஃப் பக்கத்தையே எடுத்துக்கொள்கிறது. மார்க்கெட் மேக்கரின் வேலை மிகத் தெளிவாகத் தெரிவதும், அவர் இல்லாமல் போனால் என்ன ஆகும் என்பது கண்ணுக்குப் படுவதும் அங்கேதான்.

## இருபது பைசா இடைவெளியில் நடக்கும் வியாபாரம்

நிஃப்டி 50 குறியீட்டைப் பின்பற்றும் ஒரு இடிஎஃப்பை எடுத்துக்கொள்வோம். எண்கள் கணக்குக்காக வைத்தவை. ஒரு யூனிட்டுக்குள் இருக்கும் 50 பங்குகளின் அந்த நேரத்து மதிப்பு 250 ரூபாய். சந்தை நடக்கும்போதே கணக்கிட்டு வெளியிடப்படும் இந்த மதிப்புக்கு ஐ-என்ஏவி என்று பெயர். பங்கு இடிஎஃப்களில் இது அதிகபட்சம் 15 விநாடித் தாமதத்துக்குள் வர வேண்டும். நாள் முடிவில் ஃபண்ட் நிறுவனம் அறிவிப்பது என்ஏவி.

நம் மார்க்கெட் மேக்கர் 249.90 ரூபாய்க்கு 10,000 யூனிட் வாங்கவும், 250.10 ரூபாய்க்கு 10,000 யூனிட் விற்கவும் ஆர்டர் போட்டிருக்கிறார். ஸ்பிரெட் 20 பைசா. விற்பதற்குக் கையில் சரக்கு வேண்டுமே, அதனால் 50,000 யூனிட் இருப்பு வைத்திருக்கிறார். அதன் மதிப்பு 1.25 கோடி ரூபாய். சந்தை இறங்கினால் இந்த இருப்பு நஷ்டத்தில் போகும் என்பதால், பின்னொரு தேதிக்கு இன்றே விலை பேசிக்கொள்ளும் ஒப்பந்தமான நிஃப்டி ஃபியூச்சரை அதே மதிப்புக்கு விற்று வைத்திருக்கிறார். நிஃப்டி இறங்கினால் யூனிட்டில் போவது ஃபியூச்சரில் வந்துவிடும். ஏறினால் நேர்மாறாக. இந்த ஏற்பாட்டுக்கு ஹெட்ஜ் என்று பெயர். சந்தை எந்தப் பக்கம் போகும் என்று ஊகிப்பது அவர் வேலை அல்ல. ஊகத்தைக் கணக்கிலிருந்து எடுத்துவிடுவதுதான் அவர் வேலை.

காலையில் ஒருவர் 10,000 யூனிட்டை 250.10 ரூபாய்க்கு வாங்குகிறார். உண்மை மதிப்பைவிட 10 பைசா கூடுதல், ஆக 1,000 ரூபாய் வரவு. சிறிது நேரத்தில் வேறொருவர் 10,000 யூனிட்டை 249.90 ரூபாய்க்கு விற்கிறார். இதிலும் 1,000 ரூபாய். ஐம்பது லட்சம் ரூபாய் கைமாறியதில் மொத்த வரவு 2,000 ரூபாய், அதாவது 0.04 சதவீதம்.

இரண்டு வியாபாரத்துக்கும் நடுவில் அவர் ஹெட்ஜை மாற்ற வேண்டாமா? 10,000 யூனிட் விற்றதும் இருப்பு குறைந்துவிட்டது, ஃபியூச்சர் கூடுதலாக நிற்கிறது. ஆனால், ஒவ்வொரு முறையும் ஃபியூச்சரை வாங்கி விற்றால் பத்திரப் பரிவர்த்தனை வரியும் கட்டணமுமே அந்த ஆயிரம் ரூபாயைத் தின்றுவிடும். எனவே ஒரு வரம்பு வரை பொறுத்திருப்பார். எதிர்ப் பக்கத்திலிருந்து ஆள் வந்தால் கணக்கு தானாகச் சமன்படும். வரம்பைத் தாண்டினால் மட்டும் ஃபியூச்சரைத் தொடுவார். எவ்வளவு பொறுப்பது, எப்போது தொடுவது என்ற இந்த ஒரு முடிவில்தான் திறமையான நிறுவனமும் சுமாரான நிறுவனமும் பிரிகின்றன.

இருப்பு ஒரு பக்கமாகச் சாயும்போது விலையையும் அதற்கேற்பச் சாய்ப்பார். எல்லாரும் அவரிடமே விற்று இருப்பு பெருத்துவிட்டால் 249.85க்கு வாங்கவும் 250.05க்கு விற்கவும் இறங்கிவருவார். ஸ்பிரெட் அதே 20 பைசாதான், இரண்டு விலையும் சேர்ந்து ஐந்து பைசா கீழே நகர்ந்திருக்கிறது. வாங்குபவரை இழுக்கவும் மேலும் விற்க வருபவரைத் தயங்கவைக்கவும் இது போதும்.

## விவரம் தெரிந்தவர் வரும்போது

இதுவரை படித்தால், உட்கார்ந்த இடத்தில் காசு பார்க்கும் தொழிலாகத் தெரியும். ஸ்பிரெட் மொத்தமும் லாபம் என்று நினைப்பதுதான் இந்தத் தொழிலைப் பற்றிய மிகப் பரவலான தவறான எண்ணம். உண்மையில் அதில் பெரும்பகுதி ஒரு குறிப்பிட்ட வகை நஷ்டத்தை ஈடுகட்டவே போய்விடுகிறது.

மதியம் இரண்டு மணி பத்து நிமிடம். எதிர்பாராத ஒரு செய்தி வருகிறது. நிஃப்டி பங்குகள் கண்ணிமைக்கும் நேரத்தில் 0.4 சதவீதம் ஏறுகின்றன. யூனிட்டின் உண்மை மதிப்பு இப்போது 251 ரூபாய். ஆனால், மார்க்கெட் மேக்கர் முன்பு போட்ட 250.10 விற்பனை ஆர்டர் இன்னும் புத்தகத்தில் இருக்கிறது. அதை அவர் எடுப்பதற்குள் வேகமான இன்னொருவர் 10,000 யூனிட்டையும் அள்ளிவிடுகிறார். 251 பெறுமானமுள்ளதை 250.10க்குக் கொடுத்தாகிவிட்டது. யூனிட்டுக்கு 90 பைசா வீதம் 9,000 ரூபாய் நஷ்டம். ஒன்பது வாடிக்கையாளர்களிடம் ஆயிரம் ஆயிரமாகச் சேர்த்தது ஒரே அடியில் போய்விட்டது.

மார்க்கெட் மேக்கரின் சங்கடம் இதில் இருக்கிறது. அவர் எல்லாருக்கும் கதவைத் திறந்துவைத்தவர். வருபவர் மாதச் சம்பளத்தில் சேமிக்கும் சாதாரண ஆளா, தன்னைவிட முன்னதாக விவரம் தெரிந்தவரா என்று அவரால் பார்க்க முடியாது. பங்குச் சந்தைத் திரையில் முகம் தெரிவதில்லை. விவரம் தெரிந்தவர் எப்போதும் சரியான பக்கத்தில்தான் வருவார்.

அப்படியானால் ஸ்பிரெட் எவ்வளவு இருக்க வேண்டும்? நம் எண்களையே வைத்துப் பார்க்கலாம்.

1. பத்துப் பேரில் ஒருவர் விவரம் தெரிந்தவர். அவர் வரும்போது விலை 1 ரூபாய் நகர்கிறது. மார்க்கெட் மேக்கர் மதிப்பிலிருந்து 10 பைசா தள்ளி நிற்கிறார். ஒன்பது பேரிடம் 90 பைசா வரவு, ஒருவரிடம் 90 பைசா செலவு. மிச்சம் பூஜ்யம்.
2. அவர் 12 பைசா தள்ளி நின்றால் ஒன்பது பேரிடம் 1.08 ரூபாய் வரும், ஒருவரிடம் 88 பைசா போகும். பத்து வியாபாரத்துக்கு 20 பைசா மிஞ்சும். சம்பளம், கணினி, முதலீட்டின் வட்டி எல்லாம் இதிலிருந்துதான்.
3. ஐந்து பேரில் ஒருவர் விவரம் தெரிந்தவர் என்று நிலை மாறினால், 20 பைசா தள்ளி நின்றால்தான் கணக்கு சமன்படும். ஒரே இரவில் ஸ்பிரெட் இரட்டிப்பாக வேண்டும்.

இதை ஒரே வரியில் எழுதலாம்:

ஸ்பிரெட்டில் பாதி = விவரம் தெரிந்தவர் வரும் விகிதம் × அப்போது விலை நகரும் அளவு

இந்தச் சிந்தனையை ஒழுங்கான கோட்பாடாக 1985இல் எழுதியவர்கள் லாரன்ஸ் கிளாஸ்டன், பால் மில்கிராம் இருவரும். (மில்கிராம் பின்னாளில் ஏலங்கள் பற்றிய ஆய்வுக்காகப் பொருளாதார நோபல் பெற்றவர்.) எந்தச் செலவும் இல்லாத, எந்த லாபமும் தேடாத மார்க்கெட் மேக்கர்கூட ஸ்பிரெட் வைத்தே தீர வேண்டும் என்பதுதான் அதன் முக்கியமான முடிவு.

இந்த ஒரு வரியை வைத்துச் சந்தையில் குழப்பமாகத் தெரியும் பலவற்றைப் புரிந்துகொள்ளலாம். ரிசர்வ் வங்கி வட்டி அறிவிப்புக்கு முந்தைய நிமிடங்களில் ஸ்பிரெட் விரிவது ஏன்? விலை நகரக்கூடிய அளவு கூடிவிட்டது. சிறு நிறுவனப் பங்குகளில் ஸ்பிரெட் எப்போதும் அகலமாக இருப்பது ஏன்? அங்கே வருபவர்களில் உள்விவரம் அறிந்தவர் விகிதம் அதிகம். அமெரிக்காவில் சிட்டாடெல் செக்யூரிட்டீஸ், விர்ச்சு போன்ற நிறுவனங்கள் சில்லறை முதலீட்டாளர்களின் ஆர்டர்களைத் தங்களிடம் அனுப்பும்படி புரோக்கர்களுக்குக் காசே கொடுப்பது ஏன்? சில்லறை ஆர்டர்களில் விவரம் தெரிந்தவர் விகிதம் குறைவு. சந்தையில் கிடைப்பதைவிட ஒரு துளி நல்ல விலை கொடுத்து, புரோக்கருக்கும் காசு கொடுத்து, அதற்கு மேலும் லாபம் நிற்கும். இந்தியாவில் ஆர்டர்கள் பங்குச் சந்தைக்கே போக வேண்டும் என்பதால் இந்த வழக்கம் இங்கே இல்லை.

ஒரு வியாபாரத்தில் மிஞ்சுவது இரண்டு பைசா என்றாலும், ஒரே நாளில் லட்சக்கணக்கான வியாபாரம் நடந்தால் நல்லதும் கெட்டதும் ஒன்றையொன்று சமன்செய்து அந்த இரண்டு பைசா நிலையாக நிற்கும். விர்ச்சு நிறுவனம் 2014இல் பங்கு வெளியீட்டுக்காகத் தாக்கல் செய்த ஆவணத்தில், 2009 முதல் 2013 வரையிலான 1,238 வர்த்தக நாள்களில் ஒரே ஒரு நாள்தான் நஷ்டம் என்று சொல்லியிருந்தது. பலர் அதைச் சூதாட்டத்தில் ஏமாற்றிய ஆதாரம் போலப் பார்த்தார்கள். மிகச் சிறிய லாபத்தை மிக அதிக முறை திரட்டினால் வரக்கூடிய விளைவுதான் அது.

## இடிஎஃப்புக்கு மட்டும் உள்ள பின்கதவு

பங்கு ஒன்றில் மார்க்கெட் மேக்கரின் சரக்கு தீர்ந்தால் சந்தையில்தான் வாங்க வேண்டும். இடிஎஃப்பில் அவருக்கு இன்னொரு வழி உண்டு. யூனிட்டுகளை அவரே புதிதாக உருவாக்கச் செய்யலாம்.

ஃபண்ட் நிறுவனம் ஒரு மொத்த அளவை வைத்திருக்கும். நம் உதாரணத்தில் 50,000 யூனிட் என்று வைப்போம். குறியீட்டில் உள்ள 50 பங்குகளையும் சரியான விகிதத்தில் அந்த அளவுக்கு வாங்கி ஃபண்ட் நிறுவனத்திடம் ஒப்படைத்தால், அது 50,000 புதிய யூனிட்டுகளைத் தரும். மிச்சம் மீதி சில்லறை வித்தியாசம் பணமாகத் தீர்க்கப்படும். திருப்பியும் செய்யலாம்: யூனிட்டைக் கொடுத்துப் பங்குகளை வாங்கிக்கொள்ளலாம். இந்தக் கதவு மார்க்கெட் மேக்கர்களுக்கும் 25 கோடி ரூபாய்க்கு மேல் கொண்டுவரும் பெரிய முதலீட்டாளர்களுக்கும்தான். நாம் எல்லாரும் பங்குச் சந்தை என்ற முன்கதவு வழியாக வாங்க வேண்டும்.

சந்தையில் திடீரென்று ஆர்வம் கூடி, மதிப்பு 250 இருக்கும்போது யூனிட் 252 ரூபாய்க்குப் போகிறது என்று வையுங்கள். மார்க்கெட் மேக்கர் என்ன செய்வார்?

1. கையிருப்பிலுள்ள 50,000 யூனிட்டை 252க்கு விற்பார். வரவு 1 கோடியே 26 லட்சம்.
2. அதே நேரத்தில் 50 பங்குகளையும் 1 கோடியே 25 லட்சத்துக்கு வாங்குவார்.
3. பங்குகளைப் பின்கதவில் கொடுத்து 50,000 யூனிட்டைப் பெற்று இருப்பை நிரப்பிக்கொள்வார்.

வித்தியாசம் ஒரு லட்சம் ரூபாய். செலவில் பெரியது பங்கு வாங்கும்போது கட்டும் 0.1 சதவீதப் பத்திரப் பரிவர்த்தனை வரி, 12,500 ரூபாய். முத்திரைத் தீர்வை, கட்டணம், ஐம்பது பங்குகளின் ஸ்பிரெட் எல்லாம் சேர்த்து மொத்தச் செலவு 20,000 என்று வைத்தால் 80,000 மிச்சம். இப்படி ஒரு வாய்ப்பு திறந்தால் ஒருவர் மட்டும் பார்த்துக்கொண்டிருக்க மாட்டார். இன்னொரு மார்க்கெட் மேக்கர் 251.50க்கு விற்பார், அடுத்தவர் 251க்கு. செலவு யூனிட்டுக்கு 40 பைசா என்பதால், விலை 250.40 பக்கம் வந்த பிறகுதான் இந்தப் போட்டி நிற்கும். கீழ்ப் பக்கமும் கிட்டத்தட்ட இப்படியே.

ஆகவே, இடிஎஃப் விலை அதன் மதிப்போடு ஒட்டியிருப்பது சட்டத்தால் அல்ல. மதிப்பை விட்டு விலை விலகினால் யாரோ ஒருவருக்கு லாபம் கிடைக்கிறது, அந்த லாபத்தை எடுக்கும் செயலே விலையை மீண்டும் உள்ளே இழுக்கிறது. விலை எவ்வளவு தூரம் விலகலாம் என்பதைப் பின்கதவு வழியாகப் போய்வரும் செலவு தீர்மானிக்கிறது.

இதற்கு மூன்று நிபந்தனைகள் தேவை: யூனிட்டின் உண்மை மதிப்பு தெரிய வேண்டும், ஹெட்ஜ் செய்ய வழி வேண்டும், பின்கதவு திறந்திருக்க வேண்டும். ஒன்று உடைந்தாலும் மார்க்கெட் மேக்கர் பின்வாங்குவார், அல்லது பயனற்றுப்போவார். மூன்றும் உடைந்த சம்பவங்கள் உண்டு.

## கதவு மூடியபோது: வெளிநாட்டு இடிஎஃப்கள்

இந்திய மியூச்சுவல் ஃபண்ட் துறை முழுவதும் சேர்ந்து வெளிநாட்டுப் பங்குகளில் 700 கோடி டாலர் வரைதான் முதலீடு செய்யலாம். வெளிநாட்டு இடிஎஃப்களில் செய்யும் முதலீட்டுக்குத் தனியாக 100 கோடி டாலர் வரம்பு. 2022 தொடக்கத்தில் முதல் வரம்பை நெருங்கியதும் புதிய வெளிநாட்டு முதலீட்டை நிறுத்தும்படி செபி சொன்னது. பின்னர் சில தளர்வுகள் வந்தாலும் சிக்கல் தீரவில்லை.

நாஸ்டாக் 100 போன்ற அமெரிக்கக் குறியீடுகளைப் பின்பற்றும் இந்திய இடிஎஃப்களுக்கு இதன் பொருள் என்ன? மார்க்கெட் மேக்கர் பணத்தோடு பின்கதவுக்குப் போனால், ஃபண்ட் நிறுவனம் அந்தப் பணத்தை அமெரிக்காவுக்கு அனுப்ப முடியாது. அதனால் புதிய யூனிட் தர முடியாது. இருக்கும் யூனிட்டுகளின் எண்ணிக்கை அப்படியே உறைந்துவிடுகிறது. வாங்க விரும்புபவர் கூட்டம் மட்டும் கூடுகிறது. மார்க்கெட் மேக்கர் தன் இருப்பை விற்று முடித்த பிறகு அவரிடம் விற்க ஒன்றும் இல்லை. அதன் பிறகு விலையை நிர்ணயிப்பது ஏலம்தான்: ஏற்கெனவே வைத்திருப்பவர் விடும் விலை எதுவோ அதுதான் விலை. இப்படித்தான் இந்த இடிஎஃப்கள் சில காலங்களில் மதிப்பைவிட இரட்டை இலக்கச் சதவீதக் கூடுதல் விலையில் வர்த்தகமாயின.

இதில் வாங்குபவருக்குள்ள ஆபத்தை யாரும் உரக்கச் சொல்லாததுதான் வருத்தம். 100 ரூபாய் மதிப்புள்ளதை 115க்கு வாங்குகிறார் ஒருவர். பின்னர் வரம்பு தளர்ந்து கதவு திறக்கிறது. மார்க்கெட் மேக்கர்கள் நூறு ரூபாய் மதிப்புக்குப் புதிய யூனிட்டை உருவாக்கிக் கொண்டுவந்து கொட்டுவார்கள். அமெரிக்கச் சந்தை ஒரு புள்ளிகூட அசையாவிட்டாலும் அவருடைய 115 ரூபாய் நூறுக்கு வரும். 13 சதவீத நஷ்டம். அவர் வாங்கியதில் 100 ரூபாய் அமெரிக்கப் பங்கு, 15 ரூபாய் மூடிய கதவு.

இந்த வகை இடிஎஃப்பில் இன்னொரு சிக்கலும் உண்டு. நம் சந்தை நடக்கும் காலை 9.15 முதல் மாலை 3.30 வரை அமெரிக்கப் பங்குச் சந்தை மூடியிருக்கும். திரையில் தெரியும் மதிப்பு முந்தைய இரவு முடிவை வைத்துக் கணக்கிட்டதாக இருக்கலாம். எனவே தெரியும் கூடுதல் விலையில் ஒரு பகுதி, இன்றிரவு நடக்கப்போவதைச் சந்தை இப்போதே கணக்கில் எடுத்ததாலும் வரும். ஓரிரு சதவீத விலகலுக்கு இது விளக்கம் ஆகும். பதினைந்துக்கு ஆகாது.

## மதிப்பே தவறாகத் தெரிந்தபோது: வெள்ளி

இப்போது அக்டோபர் 2025க்கு வரலாம். வெள்ளியின் கதை சற்று நுணுக்கமானது. ஏனெனில் அங்கே கதவை யாரும் சட்டப்படி மூடவில்லை.

வெள்ளி இடிஎஃப்பில் பின்கதவுக்குக் கொண்டுபோக வேண்டியது 50 பங்குகள் அல்ல. 99.9 சதவீதத் தூய்மையுள்ள 30 கிலோ வெள்ளிக் கட்டி, அல்லது அதை வாங்குவதற்கான பணம். அந்த மாதம் லண்டன் சந்தையில் உடனடியாகக் கைக்குக் கிடைக்கும் வெள்ளிக்குக் கடும் தட்டுப்பாடு. ஒரு அவுன்ஸ் விலை 50 டாலரைத் தாண்டி, மாத நடுவில் 54 டாலருக்கும் மேல் சென்றது. இங்கே தீபாவளித் தேவை உச்சத்தில். உள்ளூர் வியாபாரிகளிடம் வெள்ளிக் கட்டி வாங்க வேண்டுமானால் இறக்குமதி விலைக்கு மேல் கூடுதலாகக் கொடுக்க வேண்டியிருந்தது.

ஆனால், அறிவிக்கப்பட்ட என்ஏவி எதிலிருந்து வந்தது? அப்போது லண்டன் விலையை எடுத்து, ரூபாயாக்கி, அன்றிருந்த 6 சதவீத இறக்குமதி வரி முதலியவற்றைச் சேர்த்துக் கணக்கிட்டார்கள். உள்ளூர்த் தட்டுப்பாட்டின் முழு விலை அந்தக் கணக்கில் ஏறவில்லை.

எண்கள் போட்டுப் பார்ப்போம், இவையும் கணக்குக்காகத்தான். லண்டன் வழிக் கணக்கில் கிலோ 1,55,000 ரூபாய். இங்கே கட்டி கிடைப்பது 1,70,000க்கு. மார்க்கெட் மேக்கர் புதிய யூனிட் உருவாக்க வேண்டுமானால் 1,70,000 கொடுத்து வெள்ளி வாங்கியாக வேண்டும். அப்படியானால் யூனிட்டை அதற்குக் குறைந்த விலைக்கு அவர் ஏன் விற்பார்? விற்கும் விலையை என்ஏவியைவிடச் சுமார் 10 சதவீதம் மேலே வைத்தால்தான் அவருக்குக் கையைக் கடிக்காது. அவருக்கு உண்மையான மதிப்பு 1,70,000. நமக்குத் திரையில் தெரிந்தது 1,55,000.

ஆக, "கூடுதல் விலை" என்று செய்திகளில் வந்ததில் ஒரு பகுதி கூடுதலே அல்ல. அது உள்ளூர் வெள்ளியின் விலை. மீதிப் பகுதி ஆவேசமும், மார்க்கெட் மேக்கர் தன் அபாயத்துக்காக அகலப்படுத்திய ஸ்பிரெட்டும். லண்டன் விலை, உள்ளூர் விலை, எம்சிஎக்ஸ் சரக்குச் சந்தையின் ஃபியூச்சர் விலை மூன்றும் வழக்கமான இடைவெளியை விட்டு விலகி ஆடும்போது, ஃபியூச்சரில் செய்த ஹெட்ஜ் கட்டி விலையைச் சரியாக ஈடுகட்டாது. அப்போது முன்பு பார்த்த அதே ஒற்றை வரிச் சூத்திரம் வேலை செய்கிறது: விலை நகரும் அளவு கூடியதும் ஸ்பிரெட் விரிகிறது.

ஃபண்ட் ஆஃப் ஃபண்டுகளில் புதுப் பணத்தை நிறுத்தியதும் இதனால்தான். அந்த ஃபண்டுகள் வருகிற பணத்தை வைத்து இடிஎஃப் யூனிட்டையே வாங்குகின்றன. தட்டுப்பாட்டு நேரத்தில் கூடுதல் விலை கொடுத்து வாங்கினால், அந்தக் கூடுதல் கரையும்போது முதலீட்டாளர் பணம் கரையும். நிறுத்திவைத்தது சரியான முடிவு என்றே தோன்றுகிறது. அந்த மாதப் பிற்பகுதியில் லண்டனில் இறுக்கம் தளர்ந்து, தீபாவளியும் முடிந்ததும், வெள்ளி விலை இறங்கியது, கூடுதல் விலையும் வற்றியது. உச்சத்தில் வாங்கியவர்கள் இரண்டு வகையில் இழந்தார்கள்: வெள்ளி இறங்கியதில் ஒன்று, என்ஏவிக்கு மேல் கொடுத்தது மறைந்ததில் இன்னொன்று.

மதிப்பே தெரியாமல் போன சம்பவத்துக்கு 2015 ஆகஸ்ட் 24 காலை அமெரிக்காவில் நடந்தது உதாரணம். சந்தை திறந்ததும் பல பங்குகள் வர்த்தகமாகாமல் நின்றன. உள்ளே இருக்கும் பங்குகளின் விலை தெரியாததால் மார்க்கெட் மேக்கர்கள் ஒதுங்கிக்கொண்டார்கள். எஸ்&பி 500 குறியீடு சுமார் 5 சதவீதம் இறங்கிய அந்தக் காலையில், அதே குறியீட்டைப் பின்பற்றும் பெரிய இடிஎஃப் ஒன்று சில நிமிடங்களுக்கு 26 சதவீதம் வரை சரிந்தது. அந்த நேரத்தில், விலை குறிப்பிடாமல் கிடைத்த விலைக்கு முடியும் மார்க்கெட் ஆர்டர் போட்டு விற்றவர்களுக்குக் கிடைத்தது அந்த விலைதான்.

## திரையில் எப்படிக் கண்டுகொள்வது

வாங்கும் முன் மார்க்கெட் மேக்கர் வேலையில் இருக்கிறாரா என்பதைப் பார்ப்பது கடினமல்ல.

1. ஆர்டர் புத்தகத்தில் இரு பக்கமும் ஒத்த அளவில் பெரிய ஆர்டர்கள், மதிப்பை ஒட்டி, ஒவ்வொரு நொடியும் சேர்ந்து நகர்ந்துகொண்டிருந்தால் அவர் இருக்கிறார். வாங்கும் பக்கம் நீண்ட வரிசை, விற்கும் பக்கம் சில நூறு யூனிட் மட்டும் என்றால் அவரிடம் சரக்கு தீர்ந்திருக்கலாம்.
2. ஃபண்ட் நிறுவனத்தின் இணையதளத்தில் ஐ-என்ஏவியைப் பார்த்து விலையோடு ஒப்பிடுங்கள். நிஃப்டி இடிஎஃப்பில் 0.2 சதவீதத்துக்கு மேல் விலகல் இருந்தால் காரணம் தேடுவது நல்லது. வெள்ளி, வெளிநாட்டு இடிஎஃப்களில் அந்த எண் எந்த விலையை வைத்து, எப்போது கணக்கிடப்பட்டது என்பதையும் பார்க்க வேண்டும்.
3. புதுப் பணம் வாங்குவதை நிறுத்திவைத்ததாக அறிவிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் கூடுதல் விலை நாள்கணக்கில், ஏன் மாதக்கணக்கில்கூட நீடிக்கலாம். ஆனால், அது முடியும் நாளை முன்கூட்டிச் சொல்ல யாராலும் முடியாது.
4. முதல் பத்து நிமிடங்களையும் கடைசிப் பத்து நிமிடங்களையும் தவிருங்கள். உள்ளே இருக்கும் பங்குகளின் விலை நிலைப்படாத, ஹெட்ஜ் கடினமான நேரங்கள் அவை. ஸ்பிரெட் அகலமாக இருக்கும்.
5. விலை வரம்பை நீங்களே குறிப்பிடும் லிமிட் ஆர்டர் மட்டும் போடுங்கள். மதிப்பு 250 என்றால் 250.10க்கு வாங்க ஆர்டர் போடலாம். மார்க்கெட் ஆர்டர் போட்டால், விற்கும் பக்கம் 250.10க்கு 300 யூனிட், அடுத்தது 258க்கு 700 யூனிட் என்று இருக்கும்போது ஆயிரம் யூனிட்டுக்குச் சராசரியாக 255.63 ரூபாய் கொடுத்திருப்பீர்கள்.